‘வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா?’ – ஒரு கேள்வி படும் பாடு

ஜோகூரில் ரெங்கம் என்றதும் இரண்டு ஊர்கள் நினைவுக்கு வரும். ஒன்று, குளுவாங்கிலிருந்து கூலாய் நோக்கித் தெற்கே இறங்கும் ரயில் பாதையில் உள்ள ரெங்கம். மற்றது சிம்பாங் ரெங்கம். ‘சிம்பாங்’ என்றால் சந்தி. ரெங்கத்துக்குப் பிரியும் சந்தி என்ற பெயரே அங்கே ஊர்ப்பெயராகிவிட்டது. இரண்டும் ஒரே குளுவாங் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ‘வசிப்பிடம்’ என்று எழுதி எதிரே ஒரு கோடு போட்டுவிட்டால், சந்தி ஊர்க்காரர் ஒருவர் பேச்சுவழக்கில் ‘ரெங்கம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம். அதில் தவறு ஒன்றுமில்லை. கேட்டவர்தான் எந்த ரெங்கம் என்று கேட்கவில்லை.

வினாநிரலின் சிக்கல் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவருக்குத் தன் கேள்வியின் பொருள் முன்பே தெரியும் என்பதால், அதில் உள்ள ஓட்டை அவர் கண்ணில் படுவதில்லை. அந்த ஓட்டைகளை ஒரு வகுப்பு எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை ஒரே ஒரு தலைப்பை வைத்துப் பார்க்கலாம். ரெங்கம் வட்டாரத்தில் ஆறாம் படிவ வகுப்பு ஒன்று இடுபணிக்காக ஆய்வு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு, தமிழ்ப்பள்ளி மாணவர்களின் வீட்டில் புழங்கும் மொழி. வகுப்பு கற்பனை என்றாலும் அது செய்யும் பிழைகள் நாம் எல்லாரும் செய்தவைதான்.

முதல் வரைவு ஏறக்குறைய இப்படி வரும்:

1. நம் தாய்மொழியாம் தமிழை வீட்டில் பேசுவது நம் கடமை என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?
2. உங்கள் தாய்மொழி எது?
3. நீங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா? (எப்போதும் / அடிக்கடி / சில வேளை / அரிதாக)
4. தமிழ்ப்பள்ளியும் ஊடகங்களும் தமிழ் வளரப் போதிய அளவு பாடுபடவில்லை என்று நீங்கள் நினைக்கவில்லையா?

தாளின் தலையில் தடித்த எழுத்தில் ‘ரெங்கத்தில் தமிழ்மொழியின் வீழ்ச்சி: ஓர் ஆய்வு’ என்று இருக்கும். ஆய்வின் முடிவு அங்கேயே வந்துவிட்டது.

முதல் கேள்வியைக் கேள்வி என்று சொல்ல முடியாது. அது மேடைப் பேச்சின் கடைசி வரி. தமிழ் வகுப்பு மாணவர் ஒருவர் வாசலில் நின்று, தமிழில் அச்சடித்த தாளை நீட்டி, ‘கடமை’ என்று சொல்லிக் கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்? சிறிய ஊரில் அந்த மாணவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் தெரிந்திருக்கும். தொண்ணூற்றைந்து விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர் என்று அறிக்கையில் ஒரு வட்டப்படம் வரும். அதைப் பார்த்து நாம் புதிதாகத் தெரிந்துகொள்வது எதுவுமில்லை. கருத்துக் கேள்விகளில், அதிலும் ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று முடிபவற்றில், மரியாதைக்காகவே ‘ஆம்’ என்று சொல்லிவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் மறுத்துப் பேசத் தயங்கும் நம்மவரிடம் அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இந்தக் கேள்வியைத் திருத்தப் பார்ப்பது வீண். எடுத்துவிடலாம். ஆய்வு, பேசும் மொழியைப் பற்றியது. கடமையுணர்ச்சியைப் பற்றியதன்று.

நான்காவது கேள்வியில் இரண்டு நோய்கள். பள்ளியும் ஊடகமும் ஒரே மூச்சில் வருகின்றன. பள்ளி போதுமான அளவு செய்கிறது, வானொலிதான் செய்யவில்லை என்று நினைப்பவர் எதைக் குறியிடுவார்? அடுத்தது இரட்டை எதிர்மறை. ‘பாடுபடவில்லை என்று நினைக்கவில்லையா’ என்பதற்கு ‘ஆம்’ என்றால் பொருள் என்ன, ‘இல்லை’ என்றால் பொருள் என்ன? எழுதியவரே இரண்டு முறை படித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். இதைச் சில்லறைத் தவறு என்று ஒதுக்க முடியாது. 1992இல் அமெரிக்க யூதர் குழுவுக்காக ரோப்பர் நிறுவனம் நடத்திய கணிப்பில், யூத இனப்படுகொலை நடக்கவே இல்லை என்பது நடந்திருக்கக்கூடியதாகத் தோன்றுகிறதா, நடந்திருக்க முடியாததாகத் தோன்றுகிறதா என்ற பொருளில் கேட்டார்கள். 22 விழுக்காட்டினர் ‘கூடும்’ பக்கம் சாய்ந்ததாக முடிவு வந்தது. அமெரிக்காவில் ஐந்தில் ஒருவர் வரலாற்றையே மறுக்கிறாரோ என்று பெரும் அதிர்ச்சி. 1994இல் எதிர்மறைச் சிக்கலை நீக்கி நேராகக் கேட்டபோது அது 1 விழுக்காடாகச் சுருங்கியது. மக்கள் மாறவில்லை, வாக்கியம்தான் மாறியது. தொழில் தெரிந்த நிறுவனத்துக்கே இந்தக் கதி. தமிழோ எதிர்மறையை வினைச்சொல்லுக்குள்ளேயே முடிந்து வைத்திருக்கும் மொழி. பேசாமல், பேசாத, பேசவில்லை, பேசுவதில்லை என்று எத்தனை வடிவம். ஒரு கேள்வியில் இவற்றில் ஒன்றுக்கு மேல் தென்பட்டால் அந்த வாக்கியத்தைக் கலைத்துவிட்டு எழுதுவது நல்லது.

அந்த இரண்டும் வெளிப்படையான தவறுகள். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். நடுவில் உள்ள இரண்டு கேள்விகள் அப்படியல்ல. பார்ப்பதற்கு ஒழுங்காகத் தெரிவதால் அவை அறிக்கை வரை போய்விடும்.

‘உங்கள் தாய்மொழி எது?’ என்பதற்கு ஒருவர் அம்மா பேசும் மொழியைச் சொல்வார். இன்னொருவர், தான் முதலில் பேசிய மொழியை. மற்றொருவருக்கு அது வம்சத்தின் மொழி. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களில் தெலுங்கு, மலையாள வேர் கொண்டவையும் உண்டு. பாட்டி காலத்தோடு தெலுங்கு நின்றுபோன ஒரு வீட்டில், அப்பா ‘தெலுங்கு’ என்று எழுதுவார், மகள் ‘தமிழ்’ என்று எழுதுவாள். இரண்டும் உண்மை. ஆனால் ஒரே வீடு அட்டவணையில் இரண்டு வீடுகளாகிவிடும். மலாய்ப் படிவங்களில் ‘பங்சா’ என்ற கட்டத்தில் ‘இந்தியா’வைக் குறியிட்டுப் பழகிய கை இது. தாய்மொழிக் கேள்வியையும் அதே பழக்கத்தில் இனக்கேள்வியாகப் படித்துவிடும். இந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டு, நமக்கு வேண்டிய தகவலை மட்டும் கேட்கலாம்: ‘நீங்கள் சிறுவயதில் முதலில் பேசக் கற்ற மொழி எது?’ இரண்டு மொழிகளை ஒரே சமயத்தில் கற்றவருக்காக, ஒன்றுக்கு மேலும் குறியிடலாம் என்ற குறிப்பு பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இனி மூன்றாவது கேள்வி. ஆய்வின் மையமே இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்கலாம்.

பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘வீட்டில் மிக அதிகமாகப் பேசும் மொழி’ எது என்று கேட்கும். இந்தியரில் தமிழ் என்று சொன்னவர்கள் 2000இல் ஏறத்தாழ 43 விழுக்காடு, 2010இல் ஏறத்தாழ 37 விழுக்காடு. 2020இல் அது மேலும் இறங்கியது. ஒவ்வொரு முறையும் தமிழ் வட்டாரங்களில் கவலை எழும், அது நியாயமான கவலைதான். ஆனால் ‘மிக அதிகமாக’ என்ற ஒற்றைத் தெரிவுக் கேள்வி, இரண்டு மொழிகள் வாழும் வீட்டை ஒரு மொழி வீடாக மாற்றிக் காட்டும். 2020இல் அடுத்தபடியாகப் பேசும் மொழி பற்றிய தகவலும் திரட்டப்பட்டது. எல்லா இனத்தாரையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் தம் சமூகத்தின் மொழி ஒன்றையும் வீட்டில் பேசினார்கள். ஒற்றைக் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பாதிப் படம் வந்திருக்காது.

ரெங்கத்து வீட்டிலும் இதே கதைதான். பாட்டியிடம் தமிழ். அம்மாவிடம் தமிழும் கொஞ்சம் மலாயும். தங்கையிடம் கைப்பேசிக் காணொளி எந்த மொழியோ அந்த மொழி. ‘வீட்டில்’ என்பது ஓர் இடத்தின் பெயர். பேச்சோ ஆளைப் பார்த்துத்தான் மாறுகிறது. மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1965இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே, யார் எந்த மொழியை யாரிடம் எப்போது பேசுகிறார் என்ற கேள்விதான். நம் மூன்றாவது கேள்வி அதில் மூன்று சொற்களைத் தொலைத்துவிட்டது. ‘யாரிடம்’, ‘எப்போது’ என்ற இரண்டும் இல்லை. ‘நீங்கள்’ என்பதுகூட ஒருவரையா, குடும்பம் முழுவதையுமா என்று தெரியவில்லை.

எனவே கேள்வியை ஒரு கட்டமாக மாற்றலாம். இடப்புறம் ஆட்கள்: தாத்தா பாட்டி, அம்மா, அப்பா, அண்ணன் அக்கா, தம்பி தங்கை. மேலே பதில்கள்: தமிழ் மட்டும், தமிழும் வேறு மொழியும் கலந்து, வேறு மொழி மட்டும், அப்படி ஒருவர் வீட்டில் இல்லை. கடைசிப் பத்தியை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால், பாட்டி இறந்துபோன வீடும், அந்த வரிசையைப் பார்க்காமல் தாண்டிய பிள்ளையும் ஒரே வெற்றுக் கட்டமாகத்தான் தெரிவார்கள். கூகல் படிவத்தில் Required என்று போட்டு வைத்தாலோ இன்னும் மோசம். இல்லாத தங்கையிடம் ஏதோ ஒரு மொழி பேசினால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

‘எப்போது’ என்பதற்கு ‘அடிக்கடி’, ‘சில வேளை’ ஆகிய சொற்கள் உதவாது. ஒருவரின் ‘அடிக்கடி’ இன்னொருவருக்கு ‘சில வேளை’. ‘நேற்று மாலை வீட்டுக்கு வந்ததிலிருந்து தூங்கப் போகும் வரை’ என்று காலத்தை வரையறுத்துவிட்டால், பதில் சொல்பவர் மதிப்பிட வேண்டாம், நினைவுபடுத்தினால் போதும். இதற்கும் விலை உண்டு. நேற்று ஞாயிறாக இருந்து வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருந்தால் அன்று பேசிய மொழி வேறு. அதனால் தாள்களைப் பல நாள்களில் கொடுத்து, ஒவ்வொரு தாளிலும் கிழமையைக் குறிக்க வேண்டும்.

‘நேற்று’ என்றும் ‘வழக்கமாக’ என்றும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1999–2000இல் நடத்திய 55ஆவது சுற்றில் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார்கள். உணவுச் செலவைக் கடந்த 7 நாளுக்கும் கடந்த 30 நாளுக்கும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்த பத்திகளில் கேட்டார்கள். ஒரு பதிலைச் சொல்லிவிட்டவர் அடுத்ததை அதற்கு இசைவாகச் சொல்லத்தானே பார்ப்பார்? அப்படி இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று இழுத்துவிட்டன என்று பொருளியலாளர்கள் சொன்னார்கள். அந்தச் சுற்றின் வறுமைக் கணக்கை முந்தைய சுற்றுகளோடு ஒப்பிடலாமா கூடாதா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. ஒரு நாட்டின் வறுமைக் கணக்கையே தாளில் இரண்டு பத்திகள் பக்கத்தில் நின்றது குழப்பியது என்றால், வகுப்பு ஆய்வு ‘நேற்று’ ஒன்றோடு நின்றுகொள்வது புத்திசாலித்தனம்.

தாளின் தலைப்பையும் மாற்றியாக வேண்டும். ‘வீட்டில் பேசும் மொழிகள்’ என்பது போதும். முன்னுரையில் இரண்டு வரி: ‘சில வீடுகளில் ஒரு மொழி, சில வீடுகளில் இரண்டு மூன்று மொழிகள் பேசப்படுகின்றன. உங்கள் வீட்டில் நேற்று நடந்ததை அப்படியே குறியிடுங்கள்.’ எல்லா விதமான வீடும் இயல்புதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், மலாய் பேசும் வீட்டுக்காரர் கூனிக் குறுக வேண்டியதில்லை. பெயர் வேண்டாம். தெருவும் அப்பாவின் வேலையும் வயதும் சேர்ந்தால் சின்ன ஊரில் அதுவே பெயர்தான் என்பதால், அவை மூன்றையும் ஒரே தாளில் கேட்கக்கூடாது. நிரப்பிய தாளை மாணவர் கையில் வாங்காமல் உறையில் போட்டு ஒட்டச் சொல்லலாம். பதில் சொல்பவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பதால் தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் முதலில் வேண்டும்.

இவ்வளவு செய்த பிறகும் தாள் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. முன்னோட்டம் அதற்காகத்தான்.

முன்னோட்டத்தை ரெங்கத்தில் நடத்தக்கூடாது என்பது என் கருத்து. ஊர் சிறியது. இங்கே பத்துக் குடும்பங்களை முன்னோட்டத்தில் செலவழித்தால் முதன்மை ஆய்வுக்குக் கிடைக்கும் குடும்பங்கள் குறையும், கேள்விகளும் முன்கூட்டியே ஊருக்குள் பரவிவிடும். அடுத்த ரயில் நிலையமான லாயாங் லாயாங் பக்கம் இதே போன்ற தோட்டப்புறக் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளின் உறவுக்காரர்கள் அங்கே இல்லாமலா போவார்கள்?

முதல் வாரம் நான்கே பேர், ஆனால் ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம். தாளை நிரப்பச் சொல்லிவிட்டு விலகக்கூடாது. ஒவ்வொரு கேள்வியையும் படித்ததும் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். நால்வரும் நான்கு விதமாக இருப்பது நல்லது: ஒரு பாட்டி, ஓர் அம்மா, ஆறாம் ஆண்டுப் பிள்ளை, தாளை மலாயில் படிக்க விரும்பும் ஓர் அண்ணன். பழைய மூன்றாவது கேள்வியை நீட்டினால் பாட்டியுடன் உரையாடல் இப்படிப் போகக்கூடும்:

“பாட்டி, இந்தக் கேள்விய படிச்சதும் என்ன தோணுது?”

“என்னத்த தோணும் பாப்பா. பேரப்புள்ளைங்க என்கிட்ட தமிழ்தான்.”

“அவங்களுக்குள்ள?”

“அது மலாயும் இங்கிலீசுமா ஓடும். அதயுமா கேக்குற? வீடுன்னா நானும் அதுங்களும்னு நெனச்சேன்.”

இந்த நான்கு வரியில் பழைய மூன்றாவது கேள்வி ஏன் தோற்றது என்பது முழுதாக இருக்கிறது. பாட்டியிடம் விளக்கம் சொல்லிப் புரியவைக்க மாணவருக்குக் கை துடிக்கும், அதை அடக்க வேண்டும். விளக்கினால்தான் புரிகிறது என்றால் பிழை தாளில் இருக்கிறது. பாட்டி சொன்ன சொற்களை அப்படியே குறிப்பேட்டில் எழுத வேண்டும்: பழைய கேள்வி, என்ன நடந்தது, புதிய கேள்வி என்று மூன்று பத்தி. மலாய்ப் பிரதியை, தமிழ்த் தாளைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மீண்டும் தமிழாக்கச் சொன்னால், மொழிபெயர்ப்பில் பொருள் எங்கே நழுவியது என்று தெரியும்.

இரண்டாம் வாரம் திருத்திய தாளைப் பன்னிரண்டு பேரிடம், முதன்மை ஆய்வில் எப்படிக் கொடுக்கப் போகிறார்களோ அப்படியே கொடுக்க வேண்டும். உறை, கிழமை, நேரம் எல்லாம் உண்டு. ஏன் பன்னிரண்டு? ஐந்தில் ஒருவரைத் தடுக்கிவிழ வைக்கும் ஒரு கேள்வி இருந்தால், பன்னிரண்டு பேரில் ஒருவராவது அதில் விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 93 விழுக்காடு. பன்னிருவருமே தப்பிப்பதற்கான வாய்ப்பு 0.8ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் 0.07தான். ஆனால் இருபதில் ஒருவரை மட்டும் தடுக்கும் கேள்வி பிடிபடுவதற்கான வாய்ப்பு 46 விழுக்காடு. பெரிய ஓட்டைகள் தெரியும், சிறியவற்றில் பாதிக்கு மேல் தப்பிவிடும். வகுப்பு ஆய்வுக்கு இது போதுமான பேரம்.

திரும்பி வந்த தாள்களில் தேட வேண்டியவை சில. வெறுமையாக விட்ட கட்டங்கள் ஒரே கேள்வியில் குவிந்திருக்கின்றனவா? ஒரு கேள்விக்கு எல்லாரும் ஒரே பதிலா? அப்படியென்றால் அது கேள்வியாக வேலை செய்யவில்லை. ஓரத்தில் யாராவது எதையாவது எழுதியிருக்கிறார்களா? ஓரக்குறிப்புகள் பொன் மாதிரி. கட்டத்தில் இடம் கிடைக்காத பதில்தான் ஓரத்துக்கு வருகிறது.

பன்னிரண்டு தாளை வைத்துக்கொண்டு விழுக்காடு போடக்கூடாது. குரோன்பாக் ஆல்பா கணக்கிட்டு ‘0.8 வந்தது, ஆகவே வினாநிரல் நம்பகமானது’ என்று எழுதுவது நம் மாணவர் அறிக்கைகளில் ஒரு சடங்காகிவிட்டது. அந்த எண், ஒரே தன்மையை அளக்கும் பல கூற்றுகள் ஒன்றோடொன்று இசைந்து போகின்றனவா என்று பார்ப்பது. பாட்டியிடம் தமிழ், தங்கையிடம் மலாய் என்று பதில்கள் இசையாமல் போவதுதான் இந்த ஆய்வு தேடும் விஷயமே. இங்கே ஆல்பா தாழ்ந்தால் வருந்த ஒன்றுமில்லை. முன்னோட்டத் தாள்களை முதன்மைத் தரவோடு சேர்ப்பதும் கூடாது. எண்ணிக்கை போதவில்லை என்று கடைசி நேரத்தில் அந்த ஆசை வரும்.

முன்னோட்டம் தீர்க்காமல் வகுப்பிடமே திருப்பி அனுப்பக்கூடிய ஒரு சிக்கலும் உண்டு. யாராவது ஓரத்தில் இப்படி எழுதியிருக்கலாம்: “கெடைக்குப் போயி சுசு வாங்கிட்டு வான்னு சொன்னேன். இது தமிழா, கலந்ததா?” கெடையும் சுசுவும் மலாய்ச் சொற்கள், கடையும் பாலும். வாக்கியத்தின் எலும்பு முழுக்கத் தமிழ். வகுப்பில் பாதிப் பேர் தமிழ் என்பார்கள், பாதிப் பேர் கலந்தது என்பார்கள். மலேசியத் தமிழரின் அன்றாடப் பேச்சு முழுவதும் இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறது என்பதால், இதை முடிவு செய்யாமல் விட்டால் கட்டத்தின் முதல் இரண்டு பத்திகளுக்கும் பொருளே இல்லாமல் போகும். வகுப்பு ஒரு பக்கம் முடிவெடுத்து, அந்த வாக்கியத்தையே எடுத்துக்காட்டாகக் கட்டத்துக்கு மேலே அச்சிடலாம்: ‘ஓரிரு மலாய், ஆங்கிலச் சொற்கள் வந்தாலும் வாக்கியம் தமிழாக இருந்தால் “தமிழ் மட்டும்” என்று குறியிடுங்கள்.’ மறுபக்கம் முடிவெடுத்தாலும் பிழையில்லை, ஆனால் அட்டவணையில் வரும் எண் வேறாக இருக்கும். எந்தப் பக்கம், ஏன் என்பதை அந்த அட்டவணைக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாளை அச்சுக்கு அனுப்பலாம்.